விண்மீன் நாளும் சூரிய நாளும்: திருப்பூர் நண்பகலை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழில் ‘நாள்’ என்னும் சொல் பகலும் இரவும் சேர்ந்த பொழுதைக் குறிப்பதோடு விண்மீனையும் குறிக்கிறது. நாண்மீன், கோண்மீன் என்று வானத்து ஒளிகளைப் பிரித்துப் பேசும் வழக்கு சங்க இலக்கியத்திலேயே உண்டு. காலத்தை விண்மீனைக் கொண்டும் அளக்கலாம், ஞாயிற்றைக் கொண்டும் அளக்கலாம். ஆனால் இவ்விரு அளவைகளும் ஒரே நீளமுடையவை அல்ல. அவற்றுக்கிடையே நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிட வேறுபாடு உள்ளது. இவ்வேறுபாடு ஏன் தோன்றுகிறது என்பதையும், அது கடிகார நேரத்தை எவ்வாறு உருவாக்கியது என்பதையும், நாழிகைக் குறிப்புகளைக் கடிகார நேரமாக மாற்றும் ஆய்வாளர் எதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதையும் திருப்பூரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு சுற்றுக்கு மேல் ஒரு பாகை

வானில் வடக்குத் தெற்காக நம் தலைக்கு நேர் மேலே செல்லும் கற்பனைக் கோட்டை உச்சிக்கோடு எனலாம். ஒரு விண்மீன் இக்கோட்டைக் கடந்து, மீண்டும் அதனைக் கடக்க 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. புவி தன் அச்சில் ஒருமுறை முழுமையாகச் சுழலும் காலம் இதுவே. ஞாயிறு அதே கோட்டை அடுத்தடுத்து இருமுறை கடப்பதற்கு இடைப்பட்ட காலமோ சராசரியாக 24 மணி.

புவி சுழலும்போதே ஞாயிற்றைச் சுற்றியும் நகர்கிறது என்பதே இதற்குக் காரணம். ஒரு நாளில் அது தன் பாதையில் ஏறத்தாழ ஒரு பாகை முன்னேறுகிறது. சுழற்சியும் சுற்றுகையும் ஒரே திசையில் நிகழ்வதால், ஒரு முழுச் சுழற்சி முடிந்த பின்னும் ஞாயிறு உச்சிக்கோட்டை வந்தடைவதில்லை. புவி மேலும் ஒரு பாகை திரும்ப வேண்டியிருக்கிறது. 360 பாகைக்கு 24 மணி எனில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். நுட்பமாகக் கணக்கிட்டால் இது 3 நிமிடம் 56 நொடியாகும். இன்றிரவு 8 மணிக்கு உச்சிக்கோட்டைக் கடக்கும் விண்மீன் நாளை 7.56க்கே கடந்துவிடும், முப்பது நாள் கழித்து ஏறத்தாழ 6.02க்குக் கடக்கும். ஓராண்டில் இந்நிமிடங்கள் திரண்டு ஒரு முழு நாளாகின்றன. ஆகவே ஓராண்டில் சூரிய நாள்களின் எண்ணிக்கையைவிடப் புவிச் சுழற்சிகளின் எண்ணிக்கை சரியாக ஒன்று கூடுதலாகும்.

ஆரியபட்டரின் கணக்கு

இவ்வுண்மையை எண்களில் தெளிவாகக் காட்டியவர் ஆரியபட்டர். அவர் ஒரு மகாயுகத்தில் புவி 158,22,37,500 முறை சுழல்வதாகவும், ஞாயிறு 43,20,000 சுற்றுகளை நிறைவு செய்வதாகவும் கொள்கிறார். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 157,79,17,500 கிடைக்கிறது. அதுவே யுகத்தின் சூரிய நாள்களின் தொகை. ஓர் ஆண்டுக்கு ஒரு சுழற்சி கூடுதல் என்ற விதி இக்கழித்தலுக்குள்ளேயே அடங்கியுள்ளது. இந்த எண்களைக் கொண்டு ஒரு சுழற்சியின் காலத்தைக் கணக்கிட்டால் 23 மணி 56 நிமிடம் 4.1 நொடி வருகிறது. இன்றைய அளவீடும் இதுவே.

விண்மீனிலிருந்து கடிகாரத்துக்கு

விண்மீன் ஒளிப்புள்ளியாகத் தெரிவதாலும் புவியின் சுழற்சி பெரிதும் சீரானது என்பதாலும், கடிகாரத்தைச் சரிபார்க்க வானாய்வு நிலையங்கள் விண்மீன்களையே நாடின. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வு நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. உச்சிக்கோட்டின் வழியே மட்டும் நோக்கக்கூடிய தொலைநோக்கியைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்ட தூண் அது. இத்தகைய கருவியில் விண்மீன் கடக்கும் கணத்தைக் குறித்து விண்மீன் நேரத்தைப் பெறுவர். பின்னர் நாளுக்கு 3 நிமிடம் 56 நொடி என்ற வேறுபாட்டைக் கொண்டு அதனைச் சராசரி சூரிய நேரமாக மாற்றுவர். சென்னை நேரம் என வழங்கி, இருப்புப்பாதைகளின் பொது நேரமாகவும் விளங்கியது இவ்வகை நேரமே. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. அது சென்னை நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் இதற்குப் பின்னரே வளர்ந்தது. எனவே அங்குள்ள ஆலைகளின் ஷிப்ட் நேரம் தொடக்கம் முதலே உள்ளூர் ஞாயிற்றோடு பொருந்தாத கடிகாரத்தைச் சார்ந்தது.

திருப்பூரில் நண்பகல் எப்போது?

திருப்பூரின் தீர்க்கரேகை ஏறத்தாழ 77 பாகை 20 கலை. சீர்நேரத் தீர்க்கரேகையிலிருந்து அது 5 பாகை 10 கலை மேற்கே உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கின்படி அங்கே சராசரி நண்பகல் 12 மணி 20 நிமிடம் 40 நொடிக்கு நிகழ வேண்டும்.

ஆயினும் ஆண்டில் நான்கு நாள்களில் மட்டுமே நிழல் இக்கணக்குக்கு ஒத்துவரும். மேலே கூறிய நான்கு நிமிடம் ஒரு சராசரியே என்பது இதற்குக் காரணம். புவியின் பாதை நீள்வட்டமாக இருப்பதால் ஜனவரித் தொடக்கத்தில் அது விரைவாகவும், ஜூலைத் தொடக்கத்தில் மெதுவாகவும் நகர்கிறது. அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால், ஞாயிற்றின் தோற்ற நகர்வில் கிழக்கு நோக்கிய பங்கும் பருவந்தோறும் மாறுகிறது. இவ்விரண்டின் விளைவாக டிசம்பர் இறுதியில் சூரிய நாள் 24 மணியைவிட ஏறத்தாழ 30 நொடி நீள்கிறது. செப்டம்பர் நடுவில் ஏறத்தாழ 21 நொடி குறைகிறது. இச்சிறு வேறுபாடுகள் நாள்தோறும் சேர்ந்து நிமிடங்களாகின்றன. திரண்ட வேறுபாட்டைக் காலச் சமன்பாடு என்பர்.

நவம்பர் 3 அளவில் உண்மை ஞாயிறு சராசரி ஞாயிற்றை ஏறத்தாழ 16 நிமிடம் 27 நொடி முந்துகிறது. அன்று திருப்பூரில் நிழல் மிகக் குறுகுவது 12.04க்கு. அடுத்த நூறு நாளில் நண்பகல் நாளொன்றுக்குச் சராசரியாக 18 நொடி பின்னுக்குச் சென்று, பிப்ரவரி 11 அளவில் 12.35ஐ அடைகிறது. அதாவது கடிகாரம் காட்டும் 12 மணி திருப்பூரில் ஒருநாளும் உச்சிப்பொழுது ஆவதில்லை.

நாழிகைக் கணக்கில் விளைவு

இவ்விரு நாள்களிலும் ஞாயிறு வானில் ஏறத்தாழ ஒரே அளவு தெற்கே சாய்ந்திருப்பதால் பகற்பொழுதின் நீளம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நண்பகல் விலகியிருப்பதால் உதயமும் விலகுகிறது. நவம்பர் 3இல் உதயம் ஏறத்தாழ 6.13, பிப்ரவரி 11இல் ஏறத்தாழ 6.42. உதயத்திலிருந்து பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம், கழிந்தபோது ஒரு நிகழ்வு நடந்ததாக ஓர் ஆவணம் குறிப்பிட்டால், அது முதல் நாளில் 10.13ஐயும் இரண்டாம் நாளில் 10.42ஐயும் குறிக்கும். உதயத்தை எந்நாளும் 6 மணி என வைத்துக்கொண்டால் விடை 10 மணி என வரும். பிப்ரவரியில் இப்பிழை 42 நிமிடம், அதாவது ஒன்றே முக்கால் நாழிகை.

பிழையைக் கண்டறியும் வழி எளியது. ஓர் இடத்திற்குக் கணக்கிட்ட உதயத்துக்கும் மறைவுக்கும் நடுப்புள்ளியைக் காண வேண்டும். திருப்பூருக்கு அது 12.04க்கும் 12.35க்கும் இடையில் அமையாவிட்டால், தீர்க்கரேகைத் திருத்தமோ காலச் சமன்பாடோ விடுபட்டிருக்கிறது அல்லது தவறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என அறியலாம். ஆனால் நடுப்புள்ளி இவ்வெல்லைக்குள் இருப்பது மட்டுமே கணக்குச் சரி என்பதற்குச் சான்றாகாது. அந்நாளுக்குரிய காலச் சமன்பாட்டோடும் ஒப்பிட வேண்டும். 1906க்கு முற்பட்ட குறிப்புகளில் சென்னை நேரம் கையாளப்பட்டிருந்தால் மேற்கண்ட எல்லா நேரங்களிலும் 9 நிமிடத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

புவியின் சுழற்சியும், அது தன் பாதையில் முன்னேறுவதும் சேர்ந்தே சூரிய நாளை உருவாக்குகின்றன. பாதையின் நகர்வு சீரற்றது என்பதால் கடிகாரம் ஒரு சராசரியை ஏற்றது. இருப்புப்பாதையும் ஆட்சியும் ஒரே நேரத்தை வேண்டியதால் அச்சராசரியும் ஒரு தொலைதூரத் தீர்க்கரேகைக்கு உரியதாயிற்று. ‘உச்சிப்பொழுது’, ‘உதயாதி நாழிகை’ என ஆவணங்களிலும் வாய்மொழி வழக்கிலும் வரும் குறிப்புகள் இவ்விரு மாற்றங்களுக்கும் முந்திய அளவைக்கு உரியவை. அவற்றைக் கடிகார மணியாக எழுதும்போது, இடம், தேதி ஆகிய இரண்டையும் கொண்டு திருத்தியே எழுத வேண்டும்.