வியன்னா–ஹாம்பர்க்: எந்தப் படுக்கை?

வியன்னாவிலிருந்து ஹாம்பர்க் செல்லும் நைட்ஜெட் இரவு ரயிலில் டிக்கெட் எடுப்பவர், விலைக்கு முன் கவனிக்க வேண்டியது அறையைப் பகிர்வது யார் என்பதை.

'கூஷெட்' என்றால் பகிர்வுப் பெட்டி. தலையணை, போர்வை உண்டு. ஆனால் அறையில் ஆண், பெண் கலந்தே இருப்பார்கள். உடை மாற்றக் கழிவறைக்குத்தான் போக வேண்டும். தனியே செல்லும் பெண்கள், பெண்களுக்கான அறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

'ஸ்லீப்பர்' அறையில் மெத்தைப் படுக்கை, கைகழுவும் தொட்டி. ஒற்றைப் படுக்கை வாங்கினாலும் உடனிருப்பவர் அதே பாலினத்தவரே. அதனால் கணவனும் மனைவியும் முழு அறையையும் எடுக்க வேண்டும்.

2023 டிசம்பரில் வந்த புதிய ரயில்களில் 'மினி கேபின்' உண்டு: ஒருவருக்கான, பூட்டக்கூடிய சிறு கூடு. கழிவறை வெளியே. குறைந்த செலவில் தனிமை தேடுபவருக்கு இதுவே சரி. உயரமானவர்கள் மட்டும் யோசித்து எடுங்கள்.