இரண்டு எண்களுக்கு நடுவே: அழைப்புப் பதிவு யாரிடம் இருக்கிறது, யார் பார்க்கலாம்?

பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு. மனைவியின் கைப்பேசி எண்ணிலிருந்து யார் யாருக்கு, எப்போது அழைப்பு போனது என்ற அச்சுப்படிகளைக் கணவர் சாட்சியமாகத் தாக்கல் செய்தார். மனைவிக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டவை அவை. அவற்றை ஏற்கக் கூடாது என்று மனைவி கேட்டதைக் கீழ் நீதிமன்றம் நிராகரித்தது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2024 அக்டோபர் 30 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்த ஆவணத்தை ஏற்க மறுத்தார். அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறி எடுத்த சாட்சியம் செல்லாது என்பது அவரது தீர்ப்பு.

அப்படியானால் இந்தப் பதிவு யாருடையது? யாருக்குத்தான் அதைப் பார்க்க உரிமை?

மதுரையில் இருப்பவர் இரவு 9.14 மணிக்குக் கோவையில் உள்ள நண்பரை அழைத்து ஆறு நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் வேறு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருக்கிறார்கள். மதுரைக்காரரின் நிறுவனத்தில் ஒரு வரி பதிவாகும். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நொடி, சிம்மின் அடையாள எண், போனின் ஐஎம்இஐ எண், பேச்சு தொடங்கியபோது போன் இணைந்திருந்த டவர், முடிந்தபோது இருந்த டவர் ஆகியவை அதில் இருக்கும். பேசியது என்ன என்பது மட்டும் இருக்காது. இதைத்தான் காவல்துறையினரும் வக்கீல்களும் சிடிஆர் என்கிறார்கள்.

அதே அழைப்புக்குக் கோவைக்காரரின் நிறுவனத்திலும் தனியாக ஒரு வரி உருவாகிறது. அங்கே அது 'உள்வரும் அழைப்பு'. அதில் இருப்பது கோவை போனின் ஐஎம்இஐ, கோவை டவர். மதுரைக்காரரின் நிறுவனத்துக்குக் கோவை டவர் தெரியாது. இருவரும் எங்கே இருந்தார்கள் என்று அறிய வேண்டுமென்றால் இரு நிறுவனங்களுக்கும் தனித்தனியே எழுத வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு பதிவில் யாராவது கை வைத்திருந்தால், மற்றதோடு ஒப்பிட்டதும் தெரிந்துவிடும். போனிலிருக்கும் அழைப்புப் பட்டியலை அழித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைப்பவர்கள் இந்த இரு வரிகளையும் மறந்துவிடுகிறார்கள்.

பதிவு எதைச் சொல்லாது என்பதும் முக்கியம். சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியும். போனைக் காதில் வைத்திருந்தது யார் என்பது தெரியாது. டவர் என்பது வீட்டு முகவரியும் அல்ல. நகரத்தில் ஒரு டவரின் எல்லை சில நூறு மீட்டருக்குள் முடியலாம், கிராமத்தில் பல கிலோமீட்டர் நீளும். எடுக்கப்படாத அழைப்பு பல நேரங்களில் இந்தப் பதிவில் ஏறுவதே இல்லை. வாட்ஸ்அப் அழைப்பும் அப்படித்தான். இணையம் பயன்படுத்தப்பட்டது என்ற அளவில்தான் தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும்.

இந்தப் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை உரிம நிபந்தனை சொல்கிறது. முன்பு ஓராண்டு. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை அதைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது. அதற்குப் பிறகு அழித்துவிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. வழக்கு மெதுவாக நகர்ந்து, விசாரணைக் கட்டத்தில் கேட்கும்போது 'பதிவு இல்லை' என்று பதில் வருவது இதனால்தான். 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்தது. விசாரணையில் ஒரு பதிவு கைப்பற்றப்பட்டால், அந்தக் காலத்துப் பதிவுகளை நிறுவனங்கள் தனியாகப் பிரித்துப் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இனி யார் பார்க்கலாம் என்பது. பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் மத்திய அரசின் அல்லது மாநில அரசின் உள்துறைச் செயலாளர் மட்டத்தில் உத்தரவு வேண்டும். அதை மறுஆய்வு செய்ய ஒரு குழுவும் உண்டு. யாரோடு யார் பேசினார் என்ற பட்டியலுக்கு அவ்வளவு பெரிய பூட்டு இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91) நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ விசாரணைக்காக ஆவணம் கேட்கலாம். எழுத்தளவில் ஓர் ஆய்வாளரே போதும்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது 2013இல் தெரிந்தது. அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்புப் பதிவுகளைப் பெற முயன்றதாக டெல்லி காவல்துறையின் காவலர் ஒருவர் கைதானார். உயர் அதிகாரி ஒருவரின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து நிறுவனத்துக்குக் கோரிக்கை போயிருந்தது. அதன் பிறகுதான் எஸ்பி அல்லது துணை ஆணையர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களே கேட்க வேண்டும் என்று மத்திய உள்துறை நெறிமுறை வகுத்தது. ஆனாலும் 2018இல் தாணே காவல்துறை பிடித்த கும்பலின் வழியாக, இதே பதிவுகள் தனியார் துப்பறிவாளர்களுக்கு விலைக்குப் போயிருந்தது வெளியானது. ஒருவருடைய உறவுகளையும் நடமாட்டத்தையும் இரண்டு ஆண்டுக்குத் திரும்பிப் பார்க்க உதவும் ஆவணத்துக்கு நீதிபதியின் ஒப்புதல் தேவையில்லை என்பது பெரிய குறை. அதைச் சட்டத்தில் சரிசெய்தாக வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவரும் இந்தப் பதிவைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு போதைப்பொருள் வழக்கில், தன்னைப் பிடித்ததாகச் சொன்ன அதிகாரிகள் அந்த நேரத்தில் அந்த இடத்திலேயே இல்லை என்றார் எதிரி. அதை நிரூபிக்க அவர்களுடைய அழைப்பு விவரங்களையும் டவர் விவரங்களையும் வரவழைக்கக் கோரினார். சுரேஷ்குமார் வழக்கு என்று அறியப்படும் அதில் 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. தகவல் கொடுத்தவர்கள் அம்பலமாகிவிடாதபடி, எதிர்முனை எண்களைக் கறுப்பு மையால் மறைத்துத் தரச் சொன்னது. நியாயமான விசாரணையும் அந்தரங்கமும் ஒரே தாளில் பொருந்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

குடும்ப வழக்குகளில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. மூன்றாம் நபரின் டவர் விவரத்தைத் தர முடியாது என்று 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமோ, வாழ்க்கைத் துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. ஆகவே பரமக்குடி வழக்கின் தீர்ப்பை மட்டும் நம்பி யாரும் இருக்க முடியாது. அந்தத் தீர்ப்பில் இன்னொரு குறையும் சுட்டப்பட்டது. மின்னணு ஆவணத்துக்கு வேண்டிய சான்றிதழைக் கணவர் தாமே கொடுத்திருந்தார். பதிவு நிறுவனத்தின் கணினியில் இருந்து வருகிறது என்றால் அதற்குச் சான்று சொல்ல வேண்டியவர் அங்குள்ள பொறுப்பு அதிகாரி.

சொந்த எண்ணின் கணக்கை யாரும் கேட்கலாம். போஸ்ட்பெய்டுக்குப் பில்லிலேயே விவரம் பெறலாம். ப்ரீபெய்டு வாடிக்கையாளர் கடந்த ஆறு மாதத்துக்குள் உள்ள கணக்கை அதிகபட்சம் 50 ரூபாய் கட்டணத்தில் பெற டிராய் விதி வழி செய்கிறது. உள்வந்த அழைப்பும் டவரும் அதில் வராது.

அடுத்தவர் பதிவு வழக்குக்குத் தேவை என்றால், இரண்டு ஆண்டு கடப்பதற்கு முன்பே நீதிமன்றத்தில் மனு போட்டு, முதலில் பதிவைப் பாதுகாக்க உத்தரவு கேளுங்கள். துப்பறிவாளரிடம் காசு கொடுத்து வாங்காதீர்கள். 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி அனுமதியின்றி அழைப்புப் பதிவுகளை எடுப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.