ஒன்பது நிறத்துக்கு ஒன்பது புடவை எதற்கு?

நவராத்திரி நாட்களில் மும்பை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் தினம் ஒரு நிறம் தெரியும். இது சாஸ்திரமல்ல, பத்திரிகைகள் பரப்பிய வழக்கம். பெரும்பாலும் கிழமைதான் நிறத்தை முடிவு செய்கிறது: திங்கள் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, புதன் நீலம், வியாழன் மஞ்சள், வெள்ளி பச்சை.

ஒரு வெள்ளைச் சுடிதார் திங்களுக்கு அப்படியே போதும். சிவப்பு, மஞ்சள், பச்சைத் துப்பட்டாக்கள் இருந்தால் இன்னும் மூன்று நாள் ஓடிவிடும். துப்பட்டாவைக் கழுத்தில் சுருட்டாமல் முன்பக்கம் விரித்துப் பின் குத்துங்கள். இல்லாவிட்டால் வெள்ளைதான் கண்ணில் படும். மயில்கழுத்து நிறப் புடவை, ரவிக்கையை மாற்றினால் நீலத்துக்கும் ஆகும், மயில்பச்சைக்கும் ஆகும்.

புதுச் சிவப்புத் துப்பட்டா வியர்வையில் சாயம் விடலாம். ஈரமான வெள்ளைத் துணியால் அதன் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால் வெள்ளைச் சுடிதாரோடு போடாதீர்கள்.