வாய்ச்சொல் தணிக்கைச் சான்று ஆகாது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஆரம்பாக்கம் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தொழிற்சாலைகளின் தணிக்கைக் கோப்புகளில் ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கணக்குப் பிரிவு ஊழியர் ஒன்றைச் சொல்கிறார். கேட்க வந்த தணிக்கை உதவியாளர் அதைக் குறித்துக்கொள்கிறார். அலுவலகம் திரும்பித் தட்டச்சு செய்யும்போது, ‘என்று தெரிவித்தார்’ என்பது ‘சரிபார்க்கப்பட்டது’ என்று மாறிவிடுகிறது. ஆவணத்தை யாருமே பார்த்திருப்பதில்லை.

பணியாளரிடம் விசாரித்தது மட்டும் பொதுவாகப் போதுமான சான்று ஆகாது என்கிறது தணிக்கைத் தரநிலை 500. வங்கியிடமோ வெளியாரிடமோ கேட்கும் உறுதிக்கடிதம் தணிக்கையாளரின் கட்டுப்பாட்டிலேயே போய் வரவேண்டும் என்கிறது தரநிலை 505. இதில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதை 2009 ஜனவரியில் வெளிவந்த சத்யம் மோசடி காட்டியது. ஏட்டில் இருந்த ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை.

இந்தப் பகுதிக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திர எல்லை, அடுத்து தடா. இங்குள்ள தொழிற்சாலை அங்குள்ள ஒரு யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்குக்காகத் தகடு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் 31 கணக்குக்காகக் கேட்டபோது கணக்காளர் சொல்கிறார்: “நாலு டன் தடாவுலதான் இருக்கு சார். எல்லாம் ஒரு வருஷத்துக்குள்ள அனுப்பினதுதான். ஐடிசி-04 போட்டாச்சு.”

இதில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆவணம் வேண்டும்.

முதல் கூற்று, நாலு டன் அங்கே இருக்கிறது என்பது. அனுப்பியதற்கு டெலிவரி சலானும் இ-வே பில்லும் வேண்டும். ஜாப் ஒர்க்குக்காக மாநிலம் தாண்டும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். அதிலுள்ள வண்டி எண்ணும் தேதியும் கேட் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் சரக்கு வெளியே போனதைத்தான் காட்டும். இன்னும் அங்கே இருக்கிறதா என்பதற்கு, ஜாப் ஒர்க் யூனிட் தணிக்கையாளருக்கு நேரடியாக அனுப்பும் இருப்புக் கடிதம் வேண்டும். கணக்காளர் வாங்கிவந்து நீட்டும் கடிதம் போதாது. தொகை பெரிதென்றால் நேரில் போய் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, ஒரு வருடம். சலான் வாரியாகத் தேதி போட்டுப் பட்டியல் கேளுங்கள். அந்த நாலு டன்னில் ஒன்றரை டன் 2024 பிப்ரவரி 10 சலானில் போனது என்று தெரிந்தால் கூற்று பொய்த்துவிடுகிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாக ஜிஎஸ்டி சட்டம் கொள்ளும். வரியோடு வட்டியும் சேரும். “கமிஷனர்கிட்ட நீட்டிப்பு வாங்கிட்டோம்” என்றால், உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

மூன்றாவது, படிவம். ‘போட்டாச்சு’ என்ற சொல்லை ஏற்காதீர்கள். தாக்கல் செய்ததும் வரும் ஏஆர்என் எண்ணுள்ள ஒப்புகையை வாங்கி, அதிலுள்ள சலான் எண்களைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ஆகவே நேர்காணல் சுருக்கத்தில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஐந்து விவரம் இருக்கட்டும்: யார், எந்தத் தேதியில் சொன்னார்; அவர் சொன்னபடியே கூற்று; தேவையான ஆவணம்; அதை யார், எப்போது தரவேண்டும்; இன்றைய நிலை. நம் எடுத்துக்காட்டில் முதல் வரியில் கூற்றும் நிலையும் இப்படி இருக்கவேண்டும்: “நாலு டன் தடாவில் இருப்பதாகக் கணக்காளர் தெரிவித்தார். சலான்கள் பார்க்கப்பட்டன. ஜாப் ஒர்க் யூனிட்டின் நேரடிக் கடிதம் வரவில்லை. நிலை: நிலுவை.” நிலுவை என்று எழுதுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கடைசிவரை ஆவணம் வராவிட்டால் அந்த வரியை அழிக்காதீர்கள்; மேலதிகாரியிடம் கொண்டுபோங்கள். நிர்வாகம் எழுதித்தரும் உறுதிமொழிக் கடிதமும் அந்த ஆவணத்துக்கு ஈடாகாது.

கணக்குப் பிரிவு ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. சுருக்கத்தில் கையெழுத்து கேட்டால் முழுதும் படித்துவிட்டுப் போடுங்கள். “சலான் இருக்கு” என்று நீங்கள் சொன்னது “சரக்கு இருப்பதை உறுதி செய்தார்” என்று எழுதப்பட்டிருந்தால், அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு நேரடியாகத் தெரியாததை ‘ஸ்டோர்ஸ்ல கேக்கணும்’ என்றே சொல்லுங்கள். ஒரு நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை வரித்துறை நோட்டீஸ் வந்தால், “அவர்தான் உறுதி சொன்னார்” என்று விரல் உங்கள் பக்கம்தான் நீளும்.

மறுபடியும் சொல்கிறேன்: ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமல் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள், எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.