நிபுணரிடம் இரண்டு வாக்கியம் கேட்டு ஒரு கடிதம்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்கள் தங்கள் சங்கங்களின் சார்பில் மலர்களும் இதழ்களும் வெளியிட்டு வருகிறார்கள். அவற்றில் கதை, கவிதைகளோடு உடல்நலம், சட்டம், வானிலை முதலிய துறைகளைப் பற்றிய கட்டுரைகளும் இடம்பெறுகின்றன. எழுதுவோர் பெரும்பாலும் அத்துறைகளில் பயின்றவர் அல்லர். ஆகவே, கட்டுரையின் முக்கியமான இடத்தில் ஒரு நிபுணரின் சொற்களை இரண்டு மூன்று வாக்கியங்களில் சேர்க்க விரும்புகிறார்கள். அதற்காக அவருக்குக் கடிதம் எழுதவேண்டியிருக்கிறது. இக்காலத்தில் அது மின்னஞ்சலாகவே போகிறது. அந்தக் கடிதத்தை எவ்வாறு அமைப்பது, வந்த விடையை எவ்வாறு கையாள்வது என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம்.

நாகபுரியில் ஒரு தமிழ்ச் சங்கம் கோடை இதழ் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொடுவதுண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டிமார்கள், பச்சைக் குழந்தைக்கு நா வறளுமே என்று சங்கில் வெந்நீரை ஆற்றிப் புகட்ட முற்படுகிறார்கள். இளந்தாய்மார்களோ வேண்டாம் என்கிறார்கள். இந்த வழக்கைத் தீர்க்கும் கட்டுரை ஒன்றை எழுத ஓர் அன்பர் முன்வருகிறார். குழந்தை மருத்துவர் ஒருவரின் கருத்து அவருக்கு வேண்டும்.

கடிதம் எழுதுமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அச்சில் ஏற்கெனவே கிடைக்கும் செய்தியைத் தாமே படித்துத் தெரிந்துகொள்ளவேண்டும். பிறந்தது முதல் ஆறு மாதம் நிரம்பும் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கும் மேல் நீரே. தண்ணீர் புகட்டினால் குழந்தையின் சிறு வயிறு அதனால் நிரம்பிவிடுகிறது. பால் குடிப்பது குறைகிறது. குடிப்பது குறையவே, தாய்க்குப் பால் சுரப்பதும் குறைகிறது. நீர் தூய்மையற்றதாயின் வயிற்றுப்போக்கும் வந்து சேரும். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. இதையே மருத்துவரிடம் கேட்பது அவருடைய நேரத்தையும் நம்முடைய நேரத்தையும் வீணாக்குவதாகும்.

அப்படியானால் அவரிடம் கேட்கவேண்டியது என்ன? அவ்வூரில் தொழில் புரிபவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்கவேண்டும். 'குழந்தை வளர்ப்பைப் பற்றித் தங்கள் பொன்மொழி வேண்டும்' என்று எழுதினால், எங்கே தொடங்குவது என்று அறியாமல் அவர் கடிதத்தை ஒதுக்கிவைப்பார். அல்லது எவர்க்கும் பொருந்தும் பொது வாழ்த்து ஒன்றை அனுப்புவார். கேள்வி குறுகக் குறுக, விடை கூர்மையாகிறது. மேலும், ஒரு கடிதத்தில் ஒரு கேள்விதான் இருக்கவேண்டும். ஐந்து கேள்விகளைக் கண்ட மருத்துவர், ஓய்வு கிடைக்கும்போது எழுதலாம் என்று நினைப்பார். அந்த ஓய்வு வருவதில்லை.

கடிதம் ஏறக்குறைய இவ்வாறு அமையலாம்:

'பொருள்: கோடையில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் – இரண்டு வாக்கியம் வேண்டுகோள், ஏப்ரல் 5-க்குள்.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். இந்நகரத் தமிழ்ச் சங்கத்தின் கோடை இதழுக்கு நான் ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் கோடையில் தண்ணீர் தரலாமா என்பது அதன் பொருள். இதழை வாசிப்பவர்கள் இங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தினர். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையைப் படித்திருக்கிறேன். தங்களிடம் வேண்டுவது ஒன்றே: கடுங்கோடையில் குழந்தைக்குத் தாகம் எடுக்குமே என்று அஞ்சும் குடும்பத்தாருக்குத் தாங்கள் என்ன சொல்வீர்கள்? இரண்டு அல்லது மூன்று வாக்கியங்கள் போதும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ இருக்கலாம். தமிழில் பெயர்த்தபின், அச்சிடுமுன் தங்கள் பார்வைக்கு அனுப்புவேன். தங்கள் பெயரையும் பதவியையும் எவ்வாறு குறிப்பிடவேண்டும் என்பதையும் தெரிவிக்கக் கோருகிறேன். இயலாதாயின் ஒரு வரி எழுதினாலும் நன்றியுடையேன்.'

இக்கடிதத்தில் உள்ள சில பகுதிகள் எதற்காக என்று சொல்லவேண்டும். பொருள் வரியிலேயே வேண்டுகோளின் அளவும் நாளும் இருப்பதால், திறவாமலே இது சிறு வேலை என்று மருத்துவர் அறிகிறார். வாசகர் யார் என்று சொல்வதால், எந்த நடையில் பேசுவது என்று அவருக்குத் தெரிகிறது. இயலாது என்று சொல்ல வழி திறந்துவைப்பதும் நம் நன்மைக்கே. மௌனத்தைவிட மறுப்பு பயனுள்ளது, ஏனெனில் மறுப்பு வந்த அன்றே வேறொருவரை நாடலாம்.

நாளைக் குறிப்பதில் கணக்கு வேண்டும். இதழ் ஏப்ரல் 20-ல் அச்சுக்குப் போவதானால் கடிதம் மார்ச் 20-க்குள் போகவேண்டும். விடைக்கு ஏப்ரல் 5 என்று குறித்து, ஏப்ரல் 2-ல் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். எஞ்சிய இரு வாரமும் மொழிபெயர்ப்புக்கும் சரிபார்ப்புக்கும் வேண்டியவை. மருத்துவர் அரசாங்க ஊழியராக இருப்பின் இன்னும் சற்று முன்னதாகவே எழுதுவது நலம். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் எட்டாவது விதி பத்திரிகைத் தொடர்பைப் பற்றியது; மாநில அரசு ஊழியர்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. அவர் மேலதிகாரியிடம் கேட்க விரும்பலாம்; 'இது என் சொந்தக் கருத்து' என்று குறிக்கச் சொல்லலாம். அவ்வாறு சொன்னால், அந்தச் சொற்களும் இதழில் இடம்பெறவேண்டும்.

இனி, விடை ஆங்கிலத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் தமிழ் வடிவம் இது: 'தாய்ப்பால் மட்டுமே பருகும் ஆரோக்கியமான குழந்தைக்கு, ஆறு மாதம் நிரம்பும் வரை, கோடையிலும் தண்ணீர் வேண்டாம், அடிக்கடி பால் கொடுங்கள். குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குமேல் சிறுநீர் கழித்தால் கவலை வேண்டாம். மருத்துவர் சொல்லும் மருந்தும், வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இதற்கு விலக்கு.'

மொழிபெயர்ப்பே எம் தொழிலாதலின், இவ்விடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறோம். ஆங்கிலத்தில் 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற சொல்லை மருத்துவர் எழுதியிருப்பார். அகராதியைப் புரட்டினால் 'பிரத்தியேகமான' என்றும் 'தனிச்சிறப்பான' என்றும் பொருள் காணலாம். 'தனிச்சிறப்பான தாய்ப்பால்' என்று பெயர்த்துவிட்டால் வாக்கியம் தாய்ப்பாலைப் புகழ்வதாக மாறிவிடுகிறது. வேறொன்றும் தரக்கூடாது என்ற கட்டளை மறைந்துபோகிறது. அங்கே வேண்டிய சொல் 'மட்டுமே' என்பதுதான். ஏகாரம் ஒன்றில் ஒரு மருத்துவ அறிவுரை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அடுத்த அபாயம் சுருக்குவதில் இருக்கிறது. பக்கத்தில் இடம் போதவில்லை என்று இதழாசிரியர் கடைசி வாக்கியத்தை வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி இருப்பது உண்மையே. ஆனால் அதைப் படித்த ஒரு தாய், வயிற்றுப்போக்கால் வாடும் தன் குழந்தைக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த கரைசலையும் தண்ணீர் என்று கருதித் தள்ளிவிடக் கூடும். அவ்வாறே முதல் வாக்கியத்தின் 'தாய்ப்பால் மட்டுமே பருகும் ஆரோக்கியமான' என்ற அடை போய்விட்டால், புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் அதே விதி என்று ஆகிவிடும். மருத்துவர் அவர்களைப் பற்றிப் பேசவே இல்லை. ஆகவே, நிபந்தனையும் விலக்கும் நிபுணர் வாக்கின் அலங்காரங்கள் அல்ல. அவையே அதன் எல்லைக் கற்கள். இடம் போதாவிடில் நம்முடைய சொற்களைக் குறைக்கவேண்டும், அவருடையவற்றை அன்று.

எந்தச் சொல் முக்கியமானது என்று கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு சொல்லாக நீக்கிப் பார்த்து, 'இப்பொழுது இதைப் படிப்பவர் வேறுவிதமாக நடந்துகொள்வாரா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் அச்சொல் இருந்தே ஆகவேண்டும். சந்தேகம் எழுந்தால், மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டு 'இன்னவர் கருத்து இது' என்று நம் நடையில் எழுதுவதைவிட, அவரிடமே திருப்பிக் கேட்பது மேல்.

சரிபார்க்க அனுப்பும்போதும் ஒரு முறை உண்டு. தமிழ் அறியாத மருத்துவருக்குத் தமிழ்ப் பிரதியை மட்டும் அனுப்பிப் பயனில்லை. அந்தத் தமிழை மூலத்தைப் பாராமல் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்க்கும்படி வேறோர் அன்பரைக் கேட்டு, அதையும் உடன் அனுப்பவேண்டும். 'தனிச்சிறப்பான' போன்ற பிழை மீண்டும் பெயர்க்கையில் உடனே வெளிப்பட்டுவிடும். அவர் வாக்கு வரும் பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள நம் வாக்கியங்களையும் சேர்த்தே காட்டவேண்டும்; பாட்டிமாரைக் கேலி செய்யும் ஒரு பத்தியின் நடுவே வைத்தால், அவருடைய நிதானமான சொற்களும் கேலியாகவே ஒலிக்கும். ஆனால் கட்டுரை முழுவதையும் திருத்தும் பொறுப்பை அவர் மேல் சுமத்துவது முறையன்று.

குறித்த நாளில் விடை வராவிட்டால், அவர் முன்னர் எங்கோ சொன்னதை எடுத்து, நமக்கே சொன்னதுபோல் அச்சிடுவது பிழை. அறிவுரையை அது வந்த நிறுவனத்தின் பெயரால் குறித்துக் கட்டுரையை முடிக்கலாம். விடை அளித்தவருக்கோ, இதழ் வெளிவந்ததும் ஒரு பிரதியும், அவர் வாக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் போய்ச் சேரவேண்டும். அச்சில் ஒரு சொல் விடுபட்டிருந்தால் அதை முதலில் கண்டு சொல்பவர் அவராகவே இருப்பார். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட அப்பொழுதும் காலம் இருக்கும்.