கூட்டினால் பதினேழு, ஆனாலும் பதவி இல்லை

பிரிட்டன் அரசுப் பணியில் பதவி உயர்வுக்கான நேர்காணலில், ஒவ்வொரு தகுதிக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் தருகிறார்கள். 4 என்றால் ஏற்கத்தக்கது. பல துறைகளில் ஒவ்வொரு தகுதியிலும் 4 எடுத்தாக வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணம். துறைக்குள்ளேயே பல ஆண்டுகள் இருந்தவர் நான்கு தகுதிகளில் 5, 5, 4, 3 வாங்குகிறார். கூட்டினால் 17. தேர்வானவர் நான்கிலும் 4 எடுத்து 16 மட்டுமே பெற்றவர். தோற்றவருக்கு இந்தக் கணக்கு தெரிய வந்தால் கோபம் வராதா? ஆகவே குழுத் தலைவரின் கடிதம் மொத்தத்தைச் சொல்லி நழுவக் கூடாது. அந்த 3 எங்கே விழுந்தது என்பதுதான் கடிதத்தின் உயிர்நாடி:

“தலைமைப் பண்பில் நீங்கள் சொன்ன நிகழ்வில், குழு என்ன செய்தது என்று தெளிவாகக் கேட்டோம். நீங்கள் எடுத்த முடிவு எது, அதன் பலன் என்ன என்பது இரண்டாவது முறை கேட்டபோதும் வரவில்லை. அதனால் 3.”

உள்ளிருந்து வருபவர்கள் சறுக்கும் இடம் இதுவே. “என் வேலை இவர்களுக்குத் தெரியுமே” என்று பாதியை விழுங்கிவிடுகிறார்கள். குழுவோ விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் வந்ததற்கு மட்டுமே மதிப்பெண் போட முடியும். “கடும் போட்டி நிலவியது” என்று மட்டும் எழுதும் தலைவர்களும் உண்டு; அதை வைத்துக்கொண்டு அடுத்த நேர்காணலுக்கு எதைத் திருத்துவது?