மணல் கக்கும் போர்வெல்

கோயம்புத்தூர்ப் பாறையில் காற்றழுத்தச் சுத்தியலால் துளையிடுகிறார்கள். மேல்மண் சரியாமலிருக்க, கெட்டிப் பாறை வரை கேசிங் குழாய் இறக்கினால் போதும். கீழே பாறை தானே நிற்கும். காவிரி டெல்டாவின் வண்டல் மண் அப்படி நிற்காது. அங்கே ரோட்டரி முறையில், களிமண் குழம்பைச் சுழலவிட்டுத் துளையைத் தாங்கிக்கொண்டே துளைக்க வேண்டும். பிறகு நீர் தரும் மணல் அடுக்குக்கு நேராக, துளையிட்ட ஃபில்டர் குழாய் வரும்படி இறக்குவார்கள்.

உண்மையான வேலை அதன்பிறகுதான். 14 அங்குலத் துளையில் 8 அங்குலக் குழாய் இறக்கினால் சுற்றிலும் சுமார் 3 அங்குல இடைவெளி இருக்கும். அதில் கழுவிய உருண்டைச் சரளை நிரப்ப வேண்டும். சரளை, அங்குள்ள மணலைப்போல் 4 முதல் 6 மடங்கு பருமன் இருப்பது நல்லது: மணல் அரை மில்லிமீட்டர் என்றால் சரளை 2 முதல் 3 மில்லிமீட்டர். செலவை மிச்சம்பிடிக்க முக்கால் அங்குல ஜல்லியைக் கொட்டினால் மணல் அதனூடே நுழைந்துவிடும். மோட்டாரின் இம்பெல்லர் தேயும். வெளியே பொந்து விழுந்து குழாய் நசுங்கலாம். கம்ப்ரெசரால் நன்றாகக் கழுவிய பிறகும், வாளியில் பிடித்த தண்ணீரின் அடியில் மணல் தங்கிக்கொண்டே இருந்தால், மோட்டாரை இறக்காதீர்கள்.